புதிய தலைமைச் செயல் அதிகாரியை ஊழியர் கூட்டத்தில் அறிமுகப்படுத்துதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரிஷியஸில் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் ஆள்வளத் துறையில் வேலை பார்த்து வருகிறேன். தலைமை மாறும்போதெல்லாம் அந்த முதல் கூட்டத்துக்கான உரையை எழுதித் தரும் வேலை என்னிடம் வரும். நண்பர்களும் முன்பின் தெரியாதவர்களும் இது பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு நான் தந்த பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன்.

அடுத்த வாரம் புதிய தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பேற்கிறார். எல்லா ஊழியர்களும் கூடும் கூட்டத்தில் மூன்று நிமிடம் பேசி அறிமுகப்படுத்தச் சொல்லியிருக்கிறார்கள். என்னதான் சொல்வது?

கூட்டத்தில் நிற்பவர்களின் மனத்தில் நான்கு கேள்விகள் இருக்கும். இவர் யார், இதற்கு முன் என்ன வேலை செய்தார், ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தார்கள், நாளைக் காலை என் வேலையில் என்ன மாறப் போகிறது. உங்கள் மூன்று நிமிடமும் இவற்றுக்கே போக வேண்டும். நான்காவதற்கு முழுப் பதில் உங்களிடம் இருக்காது. ஆனால் முதல் இரண்டு வாரம் அவர் எங்கே இருப்பார், யாரையெல்லாம் சந்திப்பார் என்பதையாவது சொல்லலாம். அதுவே பாதிப் பதட்டத்தைக் குறைத்துவிடும்.

மூன்று நிமிடம் என்றால் நிதானமாகப் பேசும்போது தமிழில் முந்நூறு சொல்லுக்கு மேல் போகாது. எழுதி, வாய்விட்டுப் படித்து, கடிகாரத்தில் பாருங்கள். பெரும்பாலும் முதல் வரைவு ஆறு நிமிடம் ஓடும். வெட்ட வேண்டியது எதுவென்று தேட வேண்டியதில்லை. உரிச்சொற்களை எடுத்தாலே பாதி போய்விடும்.

புகழ்ச்சியைக் குறைத்தால் வரவேற்பு வறட்சியாகத் தெரியாதா? நம் மேடைகளில் நாலு நல்ல வார்த்தை சொல்லாவிட்டால் மரியாதைக் குறைவு என்பார்களே?

கோயில் விழா மேடையிலும் சங்கத்து ஆண்டுவிழாவிலும் அடைமொழி போட்டு அழைப்பது நம் வழக்கம். அங்கே கேட்பவர்களுக்கும் அது சடங்கு என்று தெரியும்; யாரும் அதை நம்பி எதையும் முடிவு செய்வதில்லை. ஊழியர் கூட்டத்தில் நிலைமை வேறு. அங்கே நிற்பவரின் சம்பளம், ஷிப்ட், பதவி உயர்வு எல்லாம் இந்தப் புதியவர் கையில் போகப் போகிறது. ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டுத்தான் கேட்பார்கள். நீங்கள் "ஒப்பற்ற தலைவர்" என்று சொன்னால், அந்தச் சொல்லுக்கான விலையை அடுத்த மாதம் முதல் அவர் கட்ட வேண்டியிருக்கும். முதல் பின்னடைவு வரும்போது, அது யார் வந்தாலும் வரக்கூடிய சாதாரணப் பின்னடைவாக இருந்தாலும், "இவரைத்தானே அப்படிச் சொன்னார்கள்" என்று உணவுக்கூடத்தில் பேசுவார்கள்.

அன்பு வேறு வழியாகத் தெரிகிறது. அவர் பெயரைத் தடுமாறாமல் சரியாகச் சொல்வது அன்பு. அவர் செய்த ஒரு வேலையை, அதைப் புரிந்துகொண்டவராக, இரண்டு வாக்கியத்தில் சொல்வது அன்பு. அவர் முகத்தைப் பார்த்து, சிரித்து, "எங்களோடு வேலை செய்ய வந்ததில் மகிழ்ச்சி" என்று சொல்வது போதுமான அன்பு. புகழுரை கேட்டு நெளியும் தலைமை அதிகாரிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். தன் வேலையைச் சரியாகப் புரிந்துகொண்டு ஒருவர் சொல்லும்போது நெளிந்தவரைப் பார்த்ததில்லை.

அறிமுகப்படுத்த வேண்டியவர் யார்? இயக்குநர் குழுத் தலைவரா, ஆள்வளத் துறையா?

தேர்ந்தெடுத்தவர்தான் அறிமுகப்படுத்த வேண்டும். தலைமைச் செயல் அதிகாரியை நியமிப்பது இயக்குநர் குழு. எனவே அதன் தலைவர் பேச வேண்டும். இங்கே 2016-ல் வந்த தேசிய நிறுவன ஆளுகை நெறிமுறையும் குழுத் தலைவர் பதவியையும் தலைமைச் செயல் அதிகாரி பதவியையும் வெவ்வேறு ஆட்களிடம் வைக்கச் சொல்கிறது. ஆகவே பெரும்பாலான நிறுவனங்களில் அப்படி ஒருவர் தனியாக இருப்பார். "ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தோம்" என்பதை அவர் சொன்னால் அது பொறுப்பேற்கும் பேச்சு. ஆள்வள மேலாளர் சொன்னால், தன்னுடைய புதிய மேலதிகாரியைத் தானே பாராட்டுவதாகிவிடும். எவ்வளவு அளந்து பேசினாலும் முகஸ்துதியாகத்தான் காதில் விழும். குழுத் தலைவர் வர முடியாவிட்டால் குழு உறுப்பினர் ஒருவரை அழைத்து வாருங்கள். அதுவும் முடியாமல் நீங்கள்தான் பேச வேண்டும் என்றால், "இயக்குநர் குழு என்னிடம் சொல்லச் சொன்னது இது" என்று தொடங்கி, காரணத்தை அவர்கள் வாய்மொழியாகவே வையுங்கள்.

பங்குச் சந்தையில் பதிவான நிறுவனமென்றால் நியமனச் செய்தி சந்தைக்கு அறிவிக்கப்பட்ட பிறகே ஊழியர்களிடம் பேச முடியும். இரண்டுக்கும் இடையே நீண்ட இடைவெளி விடாதீர்கள். தன் அதிகாரி யார் என்பதை நாளிதழில் படித்துத் தெரிந்துகொண்டவரைக் கூட்டத்தில் வரவேற்க வைப்பது கடினம்.

அவரைப் பற்றி எங்கிருந்து தகவல் திரட்டுவது? எங்களிடம் இருப்பது அவருடைய சுயவிவரக் குறிப்பு மட்டும்.

அந்தக் குறிப்பை அப்படியே படிக்காதீர்கள். பட்டமும் பதவியும் வரிசையாக ஒலிக்கும். ஒன்றும் மனத்தில் நிற்காது. அவரோடு இருபது நிமிடம் தொலைபேசியில் பேசுங்கள். பெயரை எப்படி உச்சரிப்பது, ஊழியர்கள் எப்படி அழைத்தால் அவருக்குப் பிடிக்கும் என்று முதலில் கேளுங்கள். பிறகு, தலைமைப் பதவிக்கு வருவதற்கு முன்பு கையால் செய்த வேலை என்ன, எங்கள் தொழிலில் உங்களுக்குப் பழக்கமில்லாத பகுதி எது, மேடையில் சொல்ல வேண்டாம் என்று நினைப்பது ஏதாவது உண்டா என்று கேளுங்கள்.

பழக்கமில்லாத பகுதி எது என்ற கேள்விதான் மிகவும் பயன்படும். அவர் அனுமதித்தால் அந்தப் பதிலை மேடையில் சொல்லுங்கள். எல்லாம் தெரிந்தவர் என்று அறிமுகமாகிறவரிடம் யாரும் எதையும் விளக்கிச் சொல்ல மாட்டார்கள். ஒரு பகுதி தெரியாது என்று அறிமுகமானவரிடம் அந்தப் பகுதியில் இருப்பவர்கள் தாமாகவே வந்து பேசுவார்கள்.

எங்கள் வரைவு எப்போதும் ஒரே மாதிரி வருகிறது. உண்மையான ஒன்றை எடுத்து எப்படித் திருத்துவது என்று காட்ட முடியுமா?

ஒரு பின்னலாடை ஆலையில் நடந்ததைச் சொல்கிறேன். பழைய அதிகாரி விலகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. இடையில் உற்பத்தி மேலாளர் பொறுப்பைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். புதிதாக வந்த பெண்மணி சாயப் பிரிவில் வேதியியலாளராகத் தொடங்கியவர். கடைசியாக மடகாஸ்கரில் ஓர் ஆலையை நடத்தியவர். குழுத் தலைவருக்காக யாரோ எழுதித் தந்த வரைவு இப்படி இருந்தது:

"உலகத் தரம் வாய்ந்த தலைவரும், தொலைநோக்குச் சிந்தனையாளரும், மடகாஸ்கரில் நலிந்து கிடந்த ஆலையைத் தன் ஆற்றலால் தூக்கி நிறுத்தியவருமான அம்மையாரை வரவேற்பதில் பெருமிதம் கொள்கிறோம். பெண்ணாக இருந்தும் இத்துறையில் உச்சம் தொட்டவர். அவருடைய வருகை நமக்குக் கிடைத்த வரம். அவர் தலைமையில் நம் ஆலை புதிய உயரங்களைத் தொடும் என்பதில் ஐயமில்லை."

ஒவ்வொன்றாகப் பாருங்கள். "உலகத் தரம்", "தொலைநோக்கு" இரண்டையும் யாராலும் சரிபார்க்க முடியாது. சரிபார்க்க முடியாததைக் கேட்பவர் காதில் வாங்கிக்கொள்வதில்லை. "பெண்ணாக இருந்தும்" என்பது பாராட்டின் உருவில் வந்த அவமதிப்பு. தையல் வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதை எழுதியவர் நினைக்கவே இல்லை. "வரம்" என்றால் இதுவரை சாபமா என்ற கேள்வி உடனே எழும். ஐந்து மாதம் உழைத்த உற்பத்தி மேலாளர் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். "புதிய உயரங்கள்" என்பது அவர் தராத வாக்குறுதி.

மிகப் பெரிய ஆபத்து "மடகாஸ்கரில் தூக்கி நிறுத்தியவர்" என்ற இடத்தில் இருக்கிறது. கூலி குறைவு என்பதால் இங்கிருந்து பல துணி ஆலைகள் தங்கள் உற்பத்தியின் ஒரு பகுதியை மடகாஸ்கருக்குக் கொண்டுபோயிருக்கின்றன. 2005 தொடக்கத்தில் பன்னாட்டு ஜவுளி ஒதுக்கீட்டு முறை முடிந்தபோது மூடிய ஆலைகளின் நினைவு இங்குள்ள குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. ஆகவே "மடகாஸ்கர்" என்ற சொல்லைக் கேட்டதும் கூட்டத்துக்கு வேறு எதுவும் காதில் விழாது. "தூக்கி நிறுத்தினார்" என்பதும் அவர்களுக்கு ஒன்றைத்தான் சொல்லும்: எத்தனை பேரை வெளியே அனுப்பி நிறுத்தினார்?

அந்தச் சொல்லை மறைக்க முடியாது. கூட்டம் முடிவதற்குள் யாராவது தொலைபேசியில் தேடிக் கண்டுபிடித்துவிடுவார்கள். எனவே குழுத் தலைவரிடம் நேராகக் கேட்டோம்: வேலையை அங்கே மாற்றும் திட்டம் குழுவின் முன் உண்டா? இல்லை என்றார். அதை உங்கள் வாயால் சொல்ல முடியுமா என்று கேட்டோம். ஒரு நாள் எடுத்துக்கொண்டு, மற்ற உறுப்பினர்களிடம் பேசிவிட்டு, சம்மதித்தார். அவரால் சொல்ல முடியாது என்றிருந்தால் அந்த வரியையே சேர்த்திருக்க மாட்டோம். "கவலைப்படாதீர்கள்" என்ற பொதுப்பேச்சால் அந்த இடத்தை நிரப்பியிருந்தால் அச்சம் இரட்டிப்பாகியிருக்கும்.

கூட்டத்தில் அவர் கிரியோலில் பேசியதைத் தமிழில் தருகிறேன்:

"எல்லோருக்கும் காலை வணக்கம். இரவு ஷிப்ட் முடித்தும் வீட்டுக்குப் போகாமல் நிற்பவர்களுக்கு முதல் நன்றி. இருபது நிமிடத்தில் முடித்துவிடுவோம், பஸ் காத்திருக்கும்.

ஐந்து மாதமாக இந்த ஆலைக்கு நிரந்தரத் தலைமை இல்லை. அந்த மாதங்களில் தன் வேலையோடு இந்த வேலையையும் சேர்த்துப் பார்த்தவர் நம் உற்பத்தி மேலாளர். ஒரு சரக்குகூடத் தாமதமாகக் கப்பலேறவில்லை. இயக்குநர் குழுவின் சார்பில் அவருக்கு நன்றி.

இன்று முதல் அந்தப் பொறுப்பை ஏற்பவர் என் பக்கத்தில் நிற்கிறார். சாயப் பிரிவில் வேதியியலாளராக வேலையைத் தொடங்கியவர். கடைசி ஆறு ஆண்டு மடகாஸ்கரில் ஓர் ஆலையை நடத்தினார். அங்கே நிறம் சரியாக வராமல் மறுபடி சாயம் போட வேண்டியிருந்த துணியின் அளவை அவருடைய குழு பாதியாகக் குறைத்தது. நமக்கும் அதே தொல்லை இருப்பது உங்களுக்குத் தெரியும். அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம் அதுதான்.

மடகாஸ்கர் என்றதும் உங்களுக்கு ஒரு கேள்வி வரும். இங்கு நடக்கும் வேலையை அங்கே கொண்டுபோகும் திட்டம் எதுவும் இயக்குநர் குழுவின் முன் இல்லை. அப்படி ஒன்று எப்போதாவது வந்தால் அதை முதலில் உங்களிடம் சொல்வது எங்கள் பொறுப்பு.

பின்னல் பகுதி தனக்கு அதிகம் பழக்கமில்லை என்று அவரே என்னிடம் சொன்னார். முதல் இரண்டு வாரம், இரவு ஷிப்ட் உட்பட, ஒவ்வொரு பகுதியாக வருவார். எது நன்றாக நடக்கிறது, எது உங்கள் கையைக் கட்டுகிறது என்று அவரிடம் சொல்லுங்கள்.

மேடம், எங்கள் ஆலைக்கு வந்ததில் எங்களுக்கு மகிழ்ச்சி. வாருங்கள்."

இதில் அவரைப் புகழும் உரிச்சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் சாயப் பிரிவில் இருந்தவர்கள் "பாதியாகக் குறைத்தது" என்ற இடத்தில் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். மறுசாயம் என்றால் கூடுதல் தண்ணீர், கூடுதல் நேரம், வாங்குபவரிடம் தலைகுனிவு என்பதை அறிந்தவர்கள் அவர்கள். "அவருடைய குழு" என்ற சொல்லையும் கவனியுங்கள். தனியாகச் சாதித்ததாகச் சொல்லியிருந்தால் பெருமை அவருக்கு மட்டும் போயிருக்கும். குழு என்றதும், தங்களுக்கும் அந்தப் பெருமையில் பங்கு வரக்கூடும் என்று கேட்பவர்கள் உணர்வார்கள்.

அவர் முன்பு இருந்த இடத்தில் உண்மையிலேயே ஆட்குறைப்பு செய்தவர். அதைச் சொல்லாமல் விடலாமா?

அறிமுகப்படுத்துகிறவர் அதை எடுத்துச் சொல்லவும் வேண்டாம், அதற்கு வெள்ளையடிக்கவும் வேண்டாம். "கடினமான முடிவுகளை எடுத்தவர்", "சீரமைப்பு நிபுணர்" போன்ற சொற்களைக் கட்டாயம் நீக்குங்கள். சர்க்கரை ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடி, விருப்ப ஓய்வுத் திட்டம் என்ற பெயரில் ஆட்களை அனுப்பிய ஆண்டுகளைப் பார்த்த ஊர் இது. மென்மையான சொல்லுக்குள் என்ன இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவரே. கூட்டத்துக்கு முன்பே அவரிடம் சொல்லிவையுங்கள்: இது கேட்கப்படும், யார் கேட்டாலும் நேராகப் பதில் சொல்லுங்கள் என்று. தொழிற்சங்கப் பிரதிநிதிகளை அன்று காலை அரை மணி நேரம் அவர் தனியாகச் சந்திப்பது இன்னும் நல்லது. கேள்வியின் சூடு அங்கேயே பாதி தணியும்.

போனவரைப் பற்றி எவ்வளவு பேசுவது? அவர் போன விதம் அவ்வளவு நல்லதாக இல்லை.

ஓய்வு பெற்றுப் போனவர் என்றால் ஒரு வாக்கியம், அவர் செய்த ஒரு குறிப்பிட்ட காரியத்தோடு. அதற்கு மேல் போனால் வழியனுப்பு விழாவாகிவிடும். வந்தவர் மேடையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். வழியனுப்புவதைத் தனிக் கூட்டமாக, முன்பே நடத்திவிடுங்கள்.

நீக்கப்பட்டவரோ திடீரென்று விலகியவரோ என்றால், அறிவிப்பில் எழுதியிருப்பதை மட்டும் சொல்லுங்கள். ஒரு சொல் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். இத்தகைய நேரத்தில்தான் மிகைப்புகழ்ச்சி அதிகம் வருகிறது. போனவர் மீதுள்ள கோபம் வந்தவர் மீது மாலையாக விழுகிறது. "இனி வெளிப்படையான நிர்வாகம் இருக்கும்" என்று சொல்லும்போது நீங்கள் யாரைக் குத்துகிறீர்கள் என்பது கடைசி வரிசைக்கும் புரியும். போனவரோடு பத்து ஆண்டு நெருங்கி வேலை செய்தவர்களும் அந்தக் கூட்டத்தில்தான் நிற்பார்கள்.

உள்ளேயே ஒருவர் அந்தப் பதவியை எதிர்பார்த்திருந்தார். எல்லோருக்கும் தெரியும். கூட்டத்தில் அவரை எப்படிக் கையாள்வது?

கூட்டத்துக்கு முன்பே, இயக்குநர் குழுத் தலைவர் அவரிடம் தனியாகப் பேசியிருக்க வேண்டும். அது நடக்காமல் மேடையில் எதைச் சொன்னாலும் புண்ணைக் கீறுவதுதான். மேடையில் அவர் பெயரை ஆறுதலுக்காக இழுக்காதீர்கள். "நம் மேலாளரும் சிறந்தவரே, ஆனால்" என்று தொடங்கும் வாக்கியத்தைக் கேட்டிருக்கிறேன். அவர் தலை நிமிரவே இல்லை. இடைக்காலப் பொறுப்பைப் பார்த்தவர் அவரே என்றால், மேலே காட்டிய உரையில் உள்ளது போல, செய்த வேலைக்கு மட்டும் நன்றி சொல்லுங்கள். புதியவரைத் தேர்ந்தெடுத்த காரணத்தைச் சொல்லும்போது "அனைவரையும் விடத் தகுதியானவர்" என்ற ஒப்பீடு வேண்டாம். அந்த "அனைவரில்" ஒருவர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்.

வருகிறவர் தமிழர். அறிமுகப்படுத்துகிற நானும் தமிழர். நம்மவர் என்று ஒரு வார்த்தை சொல்லலாமா? மனத்துக்குப் பெருமையாக இருக்கிறது.

அந்தப் பெருமை நியாயமானது. கோவிலில் சந்திக்கும்போது சொல்லுங்கள், தைப்பூசக் காவடி அன்று சொல்லுங்கள், அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். ஊழியர் கூட்டத்தில் சொல்லாதீர்கள். இந்தத் தீவில் குடும்பப் பெயரைக் கேட்டவுடனேயே எந்தச் சமூகம் என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். "யாருடைய ஆள்" என்ற கிசுகிசு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் "நம்மவர்" என்றால், அங்கிருக்கும் போஜ்புரிக் குடும்பத்துப் பிள்ளைக்கும் கிரியோல் பெண்ணுக்கும் சீனக் கணக்காளருக்கும் "உங்களவர் இல்லை" என்று சொன்னதாகும். அதன் பிறகு அவர் ஒரு தமிழருக்குப் பதவி உயர்வு தந்தால், தகுதியால் தந்தது என்று யாரும் நம்ப மாட்டார்கள். அவர்மேல் அன்பு இருந்தால் அந்தச் சந்தேகத்தை அவருக்கு வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

எந்த மொழியில் பேசுவது? அலுவலகத்தில் பிரெஞ்சு, காகிதத்தில் ஆங்கிலம், வேலைத்தளத்தில் கிரியோல், வங்கதேசத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள்.

கூட்டத்தில் பெரும்பாலோர் வேலை செய்யும்போது பேசும் மொழியில் பேசுங்கள். ஆலையில் அது கிரியோல். பிரெஞ்சில் தொடங்கினால் புகழ்ச்சி தானாகவே கூடிவிடும், ஏனென்றால் நமக்குத் தெரிந்த மேடைப் பிரெஞ்சு முழுவதும் அலங்காரம். கிரியோலில் உள்ளதை உள்ளபடி சொல்ல வரும்.

ஐந்து மொழியில் வணக்கம் சொல்லித் தொடங்கும் வழக்கம் இருக்கிறது. அதைத் தொடங்கினால் ஒன்றும் விட்டுப்போகக் கூடாது, வரிசையும் கவனிக்கப்படும். 1998-ல் வந்த புதிய ரூபாய் நோட்டுகளில் தமிழ் எழுத்தின் இடம் மாறியபோது நம் மக்கள் எவ்வளவு கொதித்தார்கள், நோட்டுகளையே திரும்பப் பெற வேண்டிவந்தது என்பதை மறந்திருக்க மாட்டீர்கள். கூட்டத்தில் எல்லோருக்கும் புரியும் மொழியில் ஒரே ஒரு வணக்கம் போதும்.

மொழிபெயர்ப்பாளர் இருந்தால் உரையை முதல் நாளே கொடுங்கள். ஒரு கூட்டத்தில், "இவர் நம் புதிய தலைமை அதிகாரி" என்ற ஐந்து சொல் வாக்கியம் வங்காளத்தில் அரை நிமிடம் நீண்டது. பிறகு விசாரித்தால், மரியாதைக்காக "மாபெரும் அறிவாளி, நம் எல்லோருக்கும் தந்தை போன்றவர்" என்று அவராகவே சேர்த்திருக்கிறார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எழுதிய தாள் கையில் இல்லாததால் தன் ஊர் மேடை வழக்கத்தைப் பின்பற்றினார்.

வருகிறவர் முதலாளியின் மகன். எதைச் சொன்னாலும் நடிப்பாகத் தெரியுமே?

உறவை நீங்களே முதல் நிமிடத்தில் சொல்லிவிடுங்கள். "இவர் நம் நிறுவனரின் மகன், உங்களில் சிலர் இவரைப் பள்ளிச் சீருடையில் பார்த்திருப்பீர்கள்." அப்படிச் சொல்லிவிட்டால் கூட்டத்தின் இறுக்கம் தளரும். அடுத்து அவர் இந்த நிறுவனத்தில் எந்தெந்தப் பிரிவில் எத்தனை ஆண்டு, யாருக்குக் கீழ் வேலை செய்தார் என்று சொல்லுங்கள். வெளியே வேறு நிறுவனத்தில் வேலை பார்த்திருந்தால் அதற்கு மதிப்பு அதிகம். ஒன்றும் செய்யாமல் நேராக வந்தவர் என்றால், "தகுதியால் வந்தார்" என்று வலிந்து சொல்லாதீர்கள். "குடும்பம் இந்தப் பொறுப்பை அவரிடம் தந்திருக்கிறது, வேலையைக் கற்றுக்கொள்ள இன்ன மூத்த மேலாளர் ஓராண்டு உடன் இருப்பார்" என்று உள்ளதைச் சொன்னால் மக்கள் ஏற்றுக்கொள்வார்கள்.

மாலை, பொன்னாடை, நினைவுப் பரிசு?

கூட்டத்தில் வேண்டாம். இன்னும் ஒரு வேலையும் செய்யாதவருக்குப் பொன்னாடை போர்த்துவதைப் பார்த்து, இருபத்தைந்து ஆண்டு வேலை செய்தவர் என்ன நினைப்பார்? ஒரு சிறிய பூங்கொத்து போதும்; அதை வரிசையில் நிற்கும் ஊழியர் ஒருவர் கொடுக்கட்டும். இரவு விருந்தில் மாலை போட விரும்பினால் போடலாம்.

கூட்டம் முடிந்த பிறகு அறிமுகம் சரியாக அமைந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

புதியவர் மைக்கை வாங்கியதும் சொல்லும் முதல் வாக்கியத்தைக் கவனியுங்கள். "அவர் சொன்ன அளவுக்கு நான் ஒன்றும் இல்லை" என்று தொடங்கினால் நீங்கள் அதிகம் சொல்லிவிட்டீர்கள். உங்கள் உரையைக் கீழே இறக்குவதிலேயே அவருடைய முதல் நிமிடம் போகிறது. நேராகத் தன் பேச்சுக்குள் நுழைந்தால், அல்லது நீங்கள் சொன்ன ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து தொடர்ந்தால், சரியாக அமைந்தது.

கைதட்டலை அளவுகோலாக வைக்காதீர்கள். மேலாளர்கள் தட்டுவார்கள், மற்றவர்கள் அவர்களைப் பார்த்துத் தட்டுவார்கள். கேள்வி நேரத்தில் முதலில் வருவது என்ன என்று பாருங்கள். "வேலை போகுமா" என்று வந்தால், உரையில் ஒரு வெற்றிடம் விட்டிருக்கிறீர்கள். "எங்கள் பகுதிக்கு எந்த நாள் வருவார்" என்று வந்தால், அவரை ஏற்கெனவே எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

மறுநாள் உணவுக்கூடத்தில், கூட்டத்துக்கு வராத ஒருவரிடம், "புதியவர் எப்படியாம், என்ன சொன்னார்கள்" என்று கேட்டுப் பாருங்கள். "பெரிய ஆளாம்" என்று மட்டும் சொன்னால் ஒன்றும் போய்ச் சேரவில்லை. "சாயப் பிரிவிலிருந்து வந்தவராம், இரவு ஷிப்டுக்கும் வருவாராம்" என்று சொன்னால், சொல்ல வேண்டியது சொல்ல வேண்டிய இடத்துக்குப் போயிருக்கிறது. அவர் உண்மையில் இரவு ஷிப்டுக்கு வருகிறாரா என்பதை நீங்கள்தான் நாட்காட்டியில் குறித்து நினைவூட்ட வேண்டும். அந்த ஒரு இரவு தவறினால் உங்கள் உரை முழுவதையும் திரும்பப் பெற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள்.